பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன்

வாசகர் கடிதம்

"எனக்கு 34 வயது. கணவரைப் பிரிந்து ஏழு மாதம் ஆகிறது. கோவையிலிருந்து மகளோடு திருச்சிக்கு வந்து வாடகை வீட்டில் இருக்கிறேன், வேலைக்கும் போகிறேன். வருடம் முடிந்ததும் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து மனு போடுவதாகப் பேச்சு. கல்யாணமான புதிதில் என் ஜிமெயிலை அவர்தான் ஆரம்பித்துக் கொடுத்தார், அதில் இருப்பது அவருடைய நம்பர். என் சிம்கூட அவர் ஆதாரில் வாங்கியது. போட்டோ எல்லாம் அவர் எடுத்த கூகுள் ஃபேமிலி பிளானில் இருக்கிறது. ஷாப்பிங் செயலி அவர் பெயரில், கார்டு என்னுடையது. ஓடிடிக்குப் பணம் என் யுபிஐயிலிருந்து போகிறது, பார்ப்பது அவர். போன மாதம் மகளுக்கு ஸ்கூல் பை ஆர்டர் செய்தேன். ரெண்டு நாள் கழித்து, 'மஞ்சள் பை பாப்பாவுக்குப் பிடிச்சுதா? மூணாவது மாடி ஏறி இறங்க கஷ்டமா இருக்குமே' என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். இந்த விலாசத்தை நான் அவரிடம் சொன்னதே இல்லை. இன்று இரவே எல்லா பாஸ்வேர்டையும் மாற்றிவிட நினைக்கிறேன். அவர் கணக்கிலும் என் படங்கள் இருக்கின்றன, நாங்கள் இருவரும் தனியாக இருந்தபோது எடுத்தவையும் உண்டு. அவர் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். உள்ளே போய் அழித்துவிடலாமா? பிளான் அவர் பெயரில் என்றால் என் மகளின் படங்களும் அவருக்குத்தான் சொந்தமா?"

வழக்கறிஞரின் பதில்

இன்று இரவு எதையும் மாற்ற வேண்டாம். உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. அந்த வாட்ஸ்அப் செய்தியைப் படித்தபோது எனக்கே நெஞ்சு படபடத்தது. ஆனாலும் இரண்டு மூன்று நாள் பொறுத்து, வரிசையாகச் செய்தால் உங்கள் கணக்கு உங்கள் கைக்கு வரும். அவசரப்பட்டால் அதே கணக்கு அவர் கைக்குப் போய்விடலாம்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. ராத்திரி பதினொரு மணிக்கு ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார். பாஸ்வேர்ட் மாறியதாகக் கணவரின் போனுக்குத் தகவல் போயிற்று. மீட்பு எண் கணவருடையதுதானே? அவர் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்பதை அழுத்தினார், குறியீடு அவர் போனுக்கே வந்தது, புது பாஸ்வேர்ட் போட்டார். காலையில் எழுந்து பார்த்தால் அந்தப் பெண் வெளியே, அவர் உள்ளே. பத்து வருட மெயில், வங்கிக் கடிதங்கள், எனக்கு அனுப்பிய வழக்குக் குறிப்புகள் எல்லாம் அதில்தான் இருந்தன. பாஸ்வேர்ட் என்பது வாசல் கதவின் பூட்டு மாதிரி. மீட்பு எண் புதுச் சாவி செய்து தருகிற ஆள் மாதிரி. அந்த ஆள் யார் பக்கம் இருக்கிறார் என்று பார்க்காமல் பூட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இன்னொரு விஷயத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்யப்போகும் மாற்றங்களில் பெரும்பாலானவை அவருக்குத் தெரியவரும். மீட்பு எண்ணை எடுத்தால் அவர் போனுக்குத் தகவல் போகும், குடும்பக் குழுவிலிருந்து விலகினால் மெயில் போகும், ஓடிடி பணம் நின்றால் அவர் டிவியிலேயே தெரியும். விலாசமும் அவருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது, செயலியில் அழித்தாலும் அவர் மனதிலிருந்து அழியாது. அதனால் வேலையைத் தொடங்கும் நாளில் வீட்டில் தனியாக இருக்காதீர்கள். அம்மாவோ அக்காவோ கூட இருக்கட்டும். கீழ் வீட்டுக்காரரிடமும் வீட்டு உரிமையாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஆபத்து என்றால் 112, ஆலோசனைக்கும் உதவிக்கும் பெண்கள் உதவி எண் 181. இதற்கு முன் அவர் கை நீட்டியதோ மிரட்டியதோ உண்டு என்றால், கீழே சொல்லும் பாதுகாப்பு மனுவை முதலில் போட்டுவிட்டு மற்றதற்கு வாருங்கள்.

முதலில் பதிவு, பிறகு சிம்

அந்த மஞ்சள் பை செய்தியை அழிக்காதீர்கள். கோபத்தில் பதிலும் போடாதீர்கள். வேறொருவரின் போனால் உங்கள் திரையைப் படம் எடுங்கள். அவர் நம்பர், தேதி, நேரம் எல்லாம் தெரிய வேண்டும். அப்புறம் அந்த உரையாடலை வாட்ஸ்அப்பின் Export chat மூலம் எடுத்து வையுங்கள். பை ஆர்டர் செய்த விவரம், டெலிவரி ஆன தேதி, உங்கள் கார்டில் பணம் போன குறுஞ்செய்தி, மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் 'ஆர்டர் போட்டேன், ரெண்டு நாளில் விலாசம் அவருக்குத் தெரிந்தது' என்ற தொடர்ச்சி நீதிமன்றத்தில் நிற்கும்.

மின்னணுச் சான்றுக்கு இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவில் ஒரு சான்றிதழ் கேட்கிறார்கள். ஒரு பகுதியில் நீங்களும் இன்னொரு பகுதியில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்ட உதவும் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்கள் செய்ய வேண்டியது, செய்தி வந்த போனை ரீசெட் செய்யாமலும் எக்ஸ்சேஞ்சில் கொடுக்காமலும் பத்திரமாக வைத்திருப்பதுதான்.

அடுத்தது சிம். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி இது, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. சிம் யார் ஆதாரில் இருக்கிறதோ அவர்தான் கம்பெனியின் கணக்கில் வாடிக்கையாளர். அவர் கடைக்குப் போய் 'சிம் தொலைந்துவிட்டது' என்று டூப்ளிகேட் வாங்கலாம். அந்த சிம் இயங்கத் தொடங்கியதும் உங்கள் போனில் சிக்னல் போய்விடும், பிறகு உங்கள் வங்கி ஓடிபி அவரிடம் வரும். வேறு கம்பெனிக்குப் போர்ட் செய்துவிட்டால் எண் நம் பெயருக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. போர்ட் செய்தால் கம்பெனிதான் மாறும், உரிமையாளர் மாற மாட்டார். பெயர் மாற்ற அவருடைய சம்மதம் தேவைப்படும்.

அதனால் உங்கள் ஆதாரில் புது சிம் ஒன்று வாங்குங்கள். பழையதை உடனே தூக்கிப் போடாதீர்கள். முதலில் வங்கியில் எண்ணை மாற்றுங்கள், கிளைக்கு நேரில் போனால் நல்லது. பிறகு ஆதார் சேவை மையத்தில் ஆதாரோடு இணைந்த எண்ணை மாற்றுங்கள். இந்த இரண்டும் முடிந்தபின் மற்றதற்கெல்லாம் புது எண்ணைக் கொடுங்கள். பழைய எண்ணில் திடீரென்று சிக்னல் மாயமாகி, ஒரு மணி நேரத்துக்கு மேல் வராமல் இருந்தால் டவர் பிரச்சினை என்று விட்டுவிடாதீர்கள். உடனே வங்கிக்குச் சொல்லி கார்டையும் யுபிஐயையும் நிறுத்துங்கள்.

ஜிமெயிலை உங்களுடையதாக்குவது

இதை உங்கள் போனில் தொடங்க வேண்டாம், அந்த போனையும் அவரே அமைத்துக் கொடுத்திருக்கலாம். தோழியின் லேப்டாப், ஆபீஸ் கம்ப்யூட்டர் என்று அவர் கை படாத ஒன்றில் பிரைவேட் விண்டோ திறந்து உங்கள் கணக்கில் நுழையுங்கள். போக வேண்டிய இடம் myaccount.google.com, அதில் Security பகுதி.

முதலில் Your devices என்பதைத் திறந்து பாருங்கள். இந்தக் கணக்கு எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது, கடைசியாக எப்போது, ஏறக்குறைய எந்த ஊரில் என்று வரும். உங்களுடையதல்லாத லேப்டாப் ஒன்று கோவையில் இருப்பதாகக் காட்டினால், அவர் உங்கள் மெயிலுக்குள் இருக்கிறார் என்று அர்த்தம். உடனே வெளியேற்றிவிடத் தோன்றும். அதற்கு முன் அந்தத் திரையைப் படம் எடுங்கள், வெளியேற்றிய பின் அந்தச் சான்று அதே வடிவில் திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

அப்புறம் ஒரே உட்காரலில், எழுந்திருக்காமல் இதைச் செய்யுங்கள். மீட்பு எண்ணாக உங்கள் புது எண்ணைச் சேர்த்து, அவருடையதை நீக்குங்கள். மீட்பு மின்னஞ்சலும் அவருடையதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுவும் அவருடையதாகத்தான் இருக்கும். பாஸ்வேர்டை மாற்றுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள், அதில் பழைய எண்ணோ பாஸ்வேர்டுக்குப் பதிலாக நுழைய உதவும் பாஸ்கீ என்பதில் நீங்கள் வைக்காதது ஏதாவதோ இருந்தால் எடுத்துவிடுங்கள். கடைசியாக, தெரியாத கருவிகளை ஒவ்வொன்றாக வெளியேற்றுங்கள். பாஸ்வேர்ட் மாறினால் பெரும்பாலான கருவிகள் தானே வெளியேறும், ஆனால் எல்லாம் வெளியேறும் என்று நம்பிவிட வேண்டாம்.

இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. மீட்பு எண்ணை மாற்றிய பிறகும் ஏழு நாள் வரை பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் வைத்திருக்கிறது. யாராவது திருடன் எண்ணை மாற்றிவிட்டால் உண்மையான உரிமையாளர் மீட்டுக்கொள்ளட்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு. உங்கள் விஷயத்தில் அந்தப் பழைய எண் அவருடையது. ஆகவே அந்த ஒரு வாரம் காலையும் இரவும் மெயிலைத் திறந்து, பாதுகாப்பு எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமான எதையும் அந்த வாரத்தில் அந்த மெயிலுக்கு வரவைக்காதீர்கள். வக்கீலோடு பேச, புது எண்ணில் ஒரு புது மெயிலைத் தனியாகத் தொடங்கிக்கொள்ளுங்கள். அந்த மெயிலின் பெயரை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஜிமெயிலின் அமைப்புகளுக்குள் போய் Forwarding என்பதையும் Filters என்பதையும் Grant access to your account என்பதையும் ஒருமுறை பாருங்கள். உங்களுக்கு வரும் கடிதங்கள் தானாக வேறு விலாசத்துக்குப் போகும்படி ஒரு முறை அமைத்துவிட்டால், நீங்கள் எத்தனை பாஸ்வேர்ட் மாற்றினாலும் அது போய்க்கொண்டேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் Linked devices, கூகுள் மேப்ஸில் Location sharing, இந்த இரண்டையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

படங்கள் யாருடையவை

பிளான் அவர் பெயரில் இருப்பதால் படங்களும் அவருடையவை என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. ஃபேமிலி பிளானில் பகிரப்படுவது இடம் மட்டும்தான். ஒரு வீட்டின் மாடியை நான்கு பேர் பிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு பெட்டி வைத்திருப்பது போல. உங்கள் கணக்கில் ஏறிய படங்கள் உங்கள் பெட்டியில் இருக்கின்றன. நீங்கள் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியும், உள்ளே என்ன என்பது தெரியாது. அவர் உங்களைக் குழுவிலிருந்து நீக்கினாலும் படங்கள் அழியாது.

ஆனால் கூகுள் போட்டோஸில் Partner sharing என்று ஒன்று இருக்கிறது. புதுக் கல்யாணத்தில் ஆசையாகப் போட்டுவிட்டு மறந்துபோவார்கள். அது இயங்கினால், அமைத்த விதத்தைப் பொறுத்து நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படமும் அவருக்கும் போகலாம். திருச்சி வீட்டு பால்கனி, மகளின் பள்ளி வாசல், எல்லாமே. அதை நிறுத்துங்கள். பகிர்ந்த ஆல்பங்களையும் பாருங்கள். இதுவரை அவர் தன் கணக்கில் சேமித்துக்கொண்டவை, நீங்கள் நிறுத்திய பிறகும் அவரிடம் இருக்கும்.

குடும்பக் குழுவிலிருந்து விலகுவதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். வெளியே வந்தால் உங்களுக்கு இலவச இடம் 15 ஜிபி. உங்கள் படங்கள் 48 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். விலகிய நாளில் எதுவும் அழியாது, ஆனால் புதுப் படங்கள் ஏறாது. அதைவிட மோசம், ஜிமெயிலுக்குக் கடிதம் வருவது நின்றுவிடும். எந்த வாரம் உங்களுக்குக் கடிதங்கள் மிகவும் தேவையோ அந்த வாரத்தில் மெயில் ஊமையாகிவிடும். அதனால் மேலே சொன்ன பூட்டு வேலை முடிந்ததும் takeout.google.com போங்கள். எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு கூகுள் போட்டோஸை மட்டும் வைத்து, 10 ஜிபி துண்டுகளாகக் கேளுங்கள். 48 ஜிபி என்றால் ஐந்து கோப்புகள். தயாரானதும் மெயிலில் இணைப்பு வரும், அது ஒரு வாரம்தான் இருக்கும், அதற்குள் ஒரு ஹார்ட் டிஸ்கில் இறக்குங்கள். இறக்கிய பின் இரண்டு மூன்று வருடங்களைத் திறந்து பாருங்கள், மகள் பிறந்த மாதம், முதல் பிறந்தநாள் என்று. படங்கள் சரியாகத் திறந்தால், குழுவிலிருந்து விலகி அதே கையோடு உங்கள் கார்டில் ஒரு 100 ஜிபி திட்டம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் உள்ளே நுழைந்து சில படங்களை அழித்திருந்தாலும் பதற வேண்டாம். கூகுள் போட்டோஸில் ஏறிய படங்கள் அதன் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். முதல் நாளே அதையும் எட்டிப் பாருங்கள்.

மகளிடம் டேப்லெட் இருந்து, அது அவர் அமைத்த குழந்தைக் கணக்கில் ஓடுகிறது என்றால், அது எங்கே இருக்கிறது என்பதை ஃபேமிலி லிங்க் செயலியில் பெற்றோர் பார்க்கலாம். நீங்கள் குழுவை விட்டு வெளியேறினால் அந்தக் கணக்கின் பொறுப்பு அவரிடம் மட்டும் நின்றுவிடும். மகளின் பொறுப்பு யாருக்கு என்று எழுத்தில் முடிவாகும்வரை அந்த டேப்லெட்டை அணைத்து பீரோவில் வைப்பதுதான் என் யோசனை. தகப்பன் என்ற முறையில் அவருக்கும் உரிமை இருக்கிறது, அந்தக் கணக்கை நீங்களாக அழித்தால் அது நாளை உங்களுக்கு எதிராகப் பேசப்படும்.

அவர் கணக்கில் நுழையலாமா

கூடாது. பாஸ்வேர்ட் தெரியும் என்பது அனுமதி ஆகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவு, உரிமையாளரின் அனுமதியில்லாமல் ஒரு கணினி வளத்துக்குள் நுழைவதையும் அதிலுள்ளதை அழிப்பதையும் தவறு என்கிறது. நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்ததாக நிரூபித்தால் 66-வது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். இது அவருக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும். உங்கள் பாஸ்வேர்டை வைத்து அவர் உங்கள் மெயிலுக்குள் வந்திருந்தால், 66சி பிரிவும் அவர்மேல் வரும். ஒரு பெண்ணின் இணைய, மின்னஞ்சல் பயன்பாட்டைக் கண்காணிப்பதைப் பின்தொடர்தல் குற்றமாகவே புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு சொல்கிறது. இவ்வளவு வலுவான நிலையில் இருக்கும் நீங்கள் ஒரு ராத்திரி அவர் கணக்கில் புகுந்து அழித்தால், அவருக்கும் ஒரு எதிர்ப்புகார் கையில் கிடைத்துவிடும். போதாததற்கு அவர் வேறெங்காவது நகல் வைத்திருந்தால் அழித்தும் பயனில்லை.

தனிப்பட்ட படங்களுக்கு வேறு வழி இருக்கிறது. StopNCII.org என்ற தளத்தில் உங்களிடம் உள்ள படத்தைத் தேர்ந்தெடுத்தால், படம் உங்கள் போனை விட்டுப் போகாமலேயே அதன் டிஜிட்டல் கைரேகையை மட்டும் உருவாக்கி, இதில் சேர்ந்துள்ள சமூக ஊடக நிறுவனங்களுக்குக் கொடுப்பார்கள். அதே படத்தை யாராவது அங்கே ஏற்ற முயன்றால் கண்டுபிடித்துத் தடுக்க முடியும். இதற்கு உங்கள் பிரதி தேவை. அதனால் வெட்கத்தில் உங்கள் பக்கத்துப் படங்களை இப்போதே அழித்துவிடாதீர்கள். அவர் வெளியிடுவேன் என்று ஒரு வார்த்தை எழுதினால், அந்தச் செய்தியோடு சைபர் குற்றப் பிரிவுக்குப் போகலாம், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம்.

அவர் உங்கள் மெயிலிலிருந்து எதையாவது எடுத்திருந்தால் நீதிமன்றம் அதைத் தள்ளிவிடும் என்றும் நம்பி இருக்க வேண்டாம். மனைவியின் அழைப்பு விவரங்களைக் கணவர் மறைமுகமாக எடுத்துத் தாக்கல் செய்த வழக்கில், அது அந்தரங்க உரிமை மீறல், ஏற்க முடியாது என்று சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2024 அக்டோபரில் சொன்னது. ஆனால் 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம், ரகசியமாகப் பதிவு செய்த தம்பதியரின் தொலைபேசி உரையாடலைத் திருமண வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று இன்னொரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே அவர் கைக்கு என்ன போயிருக்கும் என்று யோசித்து உங்கள் வக்கீலிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வழக்கு நடக்கும்போது முதல்முறையாகக் கேள்விப்படுவதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி.

ஷாப்பிங் கணக்கு

மஞ்சள் பை வழியாக விலாசம் போனது இங்கேதான். கணக்கு அவருடையது, தன் ஆர்டர் பட்டியலைத் தானே பார்ப்பது குற்றமில்லை. அதனால் அதில் இனி எதுவும் வாங்காதீர்கள். சேமித்த விலாசத்தை நீக்கினாலும் பழைய ஆர்டருக்குள் அது இருந்துகொண்டே இருக்கும். புது எண்ணில் உங்களுக்கென்று ஒரு கணக்கு தொடங்கி, கொஞ்ச நாளைக்கு ஆபீஸ் விலாசத்துக்கு வரவழையுங்கள். பழைய ஆர்டர்களைப் புதுக் கணக்குக்கு மாற்ற முடியாது.

ஆனால் போவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, யாரும் சொல்லித்தருவதில்லை. இத்தனை நாள் அவர் சம்மதத்தோடு நீங்கள் பயன்படுத்திய கணக்கு அது. 'இனி நுழையாதே' என்று அவர் சொல்லாதவரை, உங்கள் கார்டில் வாங்கியவற்றின் பில்களை இறக்கிக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மிஷின், தையல் மிஷின், மகளின் கட்டில். நாளை கோவை வீட்டிலிருந்து பொருட்களைத் திரும்பக் கேட்கும்போது, 'நீ வாங்கியது என்பதற்கு என்ன ஆதாரம்' என்று கேட்பார்கள். அந்த பில்லையும் உங்கள் வங்கி அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பில்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அவர் வாங்கியவற்றைத் துழாவ வேண்டாம். நுழைய வேண்டாம் என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தால் உள்ளே போகாமல் வங்கி அறிக்கையை வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.

கார்டை எடுக்க அவர் கணக்குக்குள் போகவே தேவையில்லை. 2022 அக்டோபரிலிருந்து கடைகள் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது, அதற்குப் பதில் டோக்கன் என்ற மாற்றுக் குறியீட்டைத்தான் வைத்திருக்கின்றன. எந்தெந்தக் கடையில் உங்கள் கார்டின் டோக்கன் இருக்கிறது என்று காட்டவும், நீங்கள் சொன்னால் நீக்கவும் உங்கள் வங்கி கடமைப்பட்டது. வங்கிச் செயலியில் கார்டு பகுதியில் தேடுங்கள், கிடைக்காவிட்டால் கிளையில் கேளுங்கள். அங்கே நீக்கிவிட்டால் அவர் செயலியில் அந்தக் கார்டு வேலை செய்யாது.

ஓடிடியைக் கடைசியில் வையுங்கள்

பணம் உங்களுடையது என்பதால் இதில்தான் உங்களுக்குக் கோபம் அதிகம் என்று தெரிகிறது. ஆனால் இருப்பதிலேயே ஆபத்து குறைந்தது இதுதான். நிறுத்தியதும் அவருக்கு உடனே தெரிவதும் இதுதான். சாயங்காலம் மேட்ச் பார்க்க உட்காரும்போது திரை நின்றால் அடுத்த போன் உங்களுக்குத்தான். அதற்குள் ஜிமெயிலும் சிம்மும் படங்களும் உங்கள் கையில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கை அதுவரை நீங்கள் திருச்சியிலிருந்து பார்க்காதீர்கள். நெட்ஃப்ளிக்ஸ் போன்றவற்றில் எந்தக் கருவி, எந்த ஊர், எப்போது என்று கணக்கு வைத்திருப்பவருக்குக் காட்டும்.

நிறுத்தும் நாளில் உங்கள் யுபிஐ செயலியில் Autopay பகுதிக்குப் போய் அந்த ஒப்புதலை ரத்து செய்தால் போதும். ஓடிடி கணக்குக்குள் நுழைய வேண்டாம். மாதப் பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்பாவது தகவல் வரும், அந்தத் தகவல் இனி வரவில்லை என்றால் ரத்து ஆகிவிட்டது. மகளின் கார்ட்டூன் பட்டியலுக்காகத் தயங்கினால், நெட்ஃப்ளிக்ஸில் ஒரு புரொஃபைலை மட்டும் புதுக் கணக்குக்கு மாற்றும் வசதி இருக்கிறது, ஆனால் கணக்கின் உரிமையாளர் அதை அனுமதிக்க வேண்டும். அதற்காக அவரிடம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

பாதுகாப்பு மனுவும் ஒப்பந்தமும்

வீட்டு வாசலில் அவர் வந்து நின்றாலோ, இன்னொரு மஞ்சள் பை செய்தி வந்தாலோ, குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன் 12-வது பிரிவில் மனு போடலாம். கோவைக்குப் போக வேண்டியதில்லை, நீங்கள் தற்காலிகமாக இருக்கும் ஊரான திருச்சியின் நீதித்துறை நடுவரிடமே போடலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், மனு எழுத அவர் உதவுவார். போன், மெயில், செய்தி என எந்த வழியிலும் தொடர்புகொள்ளக் கூடாது என்று 18-வது பிரிவில் உத்தரவு கேட்கலாம். அவசரம் என்றால் அவரைக் கேட்காமலேயே 23-வது பிரிவில் இடைக்கால உத்தரவு கிடைக்கும். மீறினால் ஒரு வருடம் வரை சிறை. இந்த மனு போட்டால் பரஸ்பர விவாகரத்து கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. சில நேரம் பேச்சு கொஞ்சம் கசக்கும், மறுக்கவில்லை. ஆனால் சம்மத மனு போடுவதற்குச் சட்டத்தில் அது தடையில்லை.

ஒரு வருடம் நிறைய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அந்த நேரத்தை ஒப்பந்தத்துக்குப் பயன்படுத்துங்கள். நகை, ஜீவனாம்சம், குழந்தையைப் பார்க்கும் நாள் எல்லாம் எழுதுகிறார்கள், கணக்குகளை எழுதுவதில்லை. உங்கள் வக்கீலிடம் இந்த மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். முதலாவது, மகளின் படங்களின் முழுப் பிரதி இருவருக்கும் உண்டு, அவர் கணக்கில் உள்ள மகளின் படங்களையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் உங்களுக்குத் தர வேண்டும். இரண்டாவது, உங்களுடைய தனிப்பட்ட படங்களை அவர் எல்லா இடத்திலிருந்தும் நீக்கி, நீக்கியதாகக் கையெழுத்திட்ட உறுதிமொழி தர வேண்டும், யாருக்கும் காட்டவோ அனுப்பவோ கூடாது. மூன்றாவது, ஒருவர் மற்றவரின் மெயில், போன், கணக்கு எதிலும் நுழையக் கூடாது, நீங்கள் பயன்படுத்தும் பழைய எண்ணை உங்கள் பெயருக்கு மாற்ற அவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். அந்த எண்ணில்தான் மகளின் பள்ளியும் டாக்டரும் உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்றால், இந்தக் கடைசி வரியை விட்டுக்கொடுக்காதீர்கள். அவர் கையெழுத்துப் போடும்வரை அந்தப் பழைய சிம்மில் சின்ன ரீசார்ஜ் போட்டு உயிரோடு வைத்திருங்கள்.